ஹிஸ்டிரோஸ்கோப்பியும் டி அண்ட் சி-யும்

மெல்லிய நோக்குக்குழாய் ஒன்றை யோனி வழியாகக் கருப்பைக்குள் செலுத்தி உட்புறத்தைக் கண்ணால் பார்ப்பது ஹிஸ்டிரோஸ்கோப்பி. கருப்பை வாயை விரித்து, உட்படலத்தைச் சுரண்டி எடுப்பது டி அண்ட் சி. பேச்சுவழக்கில் ‘கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வது’ என்கிறோம். முன்னது பார்த்துச் செய்வது. பின்னது கையுணர்வை மட்டும் நம்பிச் செய்வது. இரண்டும் 19-ஆம் நூற்றாண்டில் தோன்றியவை என்றாலும், நூறாண்டுக்கும் மேலாகச் சுரண்டலே மருத்துவமனைகளில் கோலோச்சியது.

தோற்றமும் வளர்ச்சியும்

பாரிஸ் மருத்துவர் ழோசெஃப் ரெக்காமியே 1840-களில் கருப்பைச் சுவரைச் சுரண்டுவதற்கென நீண்ட காம்பும் கரண்டி போன்ற முனையும் கொண்ட கியூரெட் கருவியை அறிமுகப்படுத்தினார். பின்னர் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஹேகர், ஒன்றைவிட ஒன்று சற்றே பருமனான உலோகக் கோல்களால் கருப்பை வாயைப் படிப்படியாக விரிக்கும் முறையை வகுத்தார். அவர் பெயரைத் தாங்கிய விரிப்பான்கள் இன்றும் அறுவை அரங்குகளில் உள்ளன.

1869-இல் டியோமீடே பந்தாலியோனி என்ற மருத்துவர், மாதவிடாய் நின்ற பின்னும் இரத்தப்போக்கு நிற்காத 60 வயதுப் பெண்ணின் கருப்பைக்குள் குழாய் வழியே ஒளி பாய்ச்சிப் பார்த்தார். அங்கே ஒரு பாலிப் தெரிந்தது. அதை வெள்ளி நைட்ரேட் கொண்டு கரித்தார். உயிருள்ள பெண்ணிடம் வெற்றிகரமாக நடந்த முதல் ஹிஸ்டிரோஸ்கோப்பி என இதைக் குறிப்பிடுவர்.

ஆனாலும் இம்முறை பரவவில்லை. கருப்பை வெற்றிடமாக இருக்கும் பை அல்ல. முன்சுவரும் பின்சுவரும் ஒட்டியே கிடக்கும். தடித்த தசைச் சுவர் எளிதில் விரிந்து கொடுக்காது. சற்று இரத்தம் கசிந்தாலும் எதுவும் தெரியாது. ஆகவே ஒளி, விரிப்பு, இரத்தத்தைக் கழுவுதல் ஆகிய மூன்றுக்கும் வழி பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1970-களில் டெக்ஸ்ட்ரான் கரைசலும், அழுத்தம் கட்டுப்படுத்தப்பட்ட கரியமில வாயுவும் விரிப்புக்குப் பயன்பட்டன. 1976-இல் ராபர்ட் நியூவர்த், சிறுநீரக மருத்துவர்களின் ரெசெக்டோஸ்கோப்பைக் கொண்டு கருப்பைக்குள் துருத்திய நார்க்கட்டியை அறுத்தெடுத்த அனுபவத்தை வெளியிட்டார். பார்க்கும் கருவி அறுவைக் கருவியாகவும் ஆயிற்று. இப்போது பெரும்பாலும் சலைன் திரவமே பயன்படுகிறது.

எப்போது தேவை

மாதவிடாய் நின்ற பின் வரும் இரத்தப்போக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத அதிக உதிரப்போக்கு, குழந்தையின்மை, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, நூல் காணாமற்போன காப்பர்-டி ஆகியவை ஹிஸ்டிரோஸ்கோப்பிக்கான முதன்மைக் காரணங்கள். கருவுற்றிருக்கும்போதும், இடுப்பறையில் கடும் கிருமித்தொற்று இருக்கும்போதும் செய்யக்கூடாது. மாதவிடாய் உள்ளவர்களுக்கு, உதிரம் நின்றதும் வரும் நாள்களில் படலம் மெலிந்திருப்பதால் காட்சி தெளிவாக இருக்கும்.

டி அண்ட் சி, திசு மாதிரி எடுக்கவும், பெரும் உதிரப்போக்கை உடனடியாக நிறுத்தவும், கருச்சிதைவின் எச்சங்களை அகற்றவும் செய்யப்பட்டு வந்தது. கருச்சிதைவுக்குக் கூரிய கியூரெட்டுக்குப் பதிலாக உறிஞ்சி எடுக்கும் முறையையே உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மாதிரி எடுக்க மட்டுமே என்றால், மயக்கமருந்து தேவைப்படாத மெல்லிய பிளாஸ்டிக் குழாய் பெரும்பாலும் போதும். இந்தியாவில் குழந்தையின்மைக்குக் கருப்பைக் காசநோயும் ஒரு காரணம். அதைத் தேடும்போது மாதிரியைப் பிரித்து அனுப்ப வேண்டும்: நுண்நோக்கிச் சோதனைக்கு ஃபார்மலினில், கிருமி வளர்ப்புச் சோதனைக்குச் சலைனில். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துப்போகும். வளர்ப்புச் சோதனை பயனற்றதாகிவிடும்.

மயக்கமருந்து

3 முதல் 5 மில்லிமீட்டர் பருமனுள்ள குழாயால் பார்ப்பதற்கு மட்டுமே எனில் பலருக்கு மயக்கமருந்து வேண்டியதில்லை. முன்கூட்டியே ஒரு வலிநிவாரணி மாத்திரை கொடுத்து, ஸ்பெகுலம் வைக்காமல், கருப்பை வாயைக் கொக்கியால் பிடிக்காமல் குழாயை நேரே செலுத்துவர். மாதவிடாய் வலி போன்ற பிடிப்பு இருக்கும். சிலருக்கு நாடித்துடிப்பு குறைந்து தலைசுற்றும். வலி தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு.

கருப்பை வாயை விரிக்க வேண்டியிருந்தால் அதைச் சுற்றி லிக்னோகெயின் ஊசி போடலாம். டி அண்ட் சி-க்கும் பெரிய கட்டிகளை அறுப்பதற்கும் குறுகிய நேர முழு மயக்கமோ முதுகுத்தண்டு ஊசியோ கொடுக்கப்படுகிறது.

உள்ளே தெரிவது

இயல்பான கருப்பைக்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் முக்கோண வடிவ அறை தெரியும். மேல்மூலைகள் இரண்டிலும் கருக்குழாய்களின் துளைகள் இருக்கும். அவ்விரண்டையும் பார்த்தால்தான் அறை முழுவதையும் பார்த்ததாகக் கொள்ள முடியும். பாலிப் மென்மையாகத் திரவத்தில் அசையும். நார்க்கட்டி வெளிறி, உருண்டு, அசையாமல் நிற்கும். ஒட்டுத்திசு, சுவரிலிருந்து சுவருக்கு ஓடும் பட்டையாகத் தெரியும். தொட்டதும் உதிரம் கசிந்து பொடியும் ஒழுங்கற்ற வளர்ச்சி புற்றுநோய் ஐயத்தை எழுப்பும். திசுச்சோதனையே அதை உறுதி செய்யும்.

ஓர் எடுத்துக்காட்டு: மாதவிடாய் நின்று ஐந்தாண்டுகள் ஆன 56 வயதுப் பெண்ணுக்குத் திடீரென உதிரம் படுகிறது. யோனிவழி ஸ்கேனில் உட்படலம் 9 மில்லிமீட்டர். இந்நிலையில் 4 மில்லிமீட்டரைத் தாண்டினாலே திசுச்சோதனை தேவை. டி அண்ட் சி செய்தபோது கிடைத்த சிறிதளவு திசுவில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் உதிரம் நிற்கவில்லை. ஹிஸ்டிரோஸ்கோப்பியில் இடப்பக்கக் குழாய்த் துளைக்கருகே காம்புள்ள பாலிப் தெரிகிறது. கியூரெட் படும்போதெல்லாம் அது வளைந்து ஒதுங்கிக்கொண்டதால் சிக்கவில்லை. இப்போது காம்பின் அடியில் கத்தரித்து எடுத்து, முழுவதையும் சோதனைக்கு அனுப்புகிறார்கள்.

இத்தகைய தவறல் அரிதன்று. கருப்பை நீக்க அறுவைக்குச் சற்றுமுன் சுரண்டிவிட்டு, நீக்கிய கருப்பையைத் திறந்து பார்த்த ஆய்வொன்று 1975-இல் வெளியாயிற்று. பத்தில் ஆறு பேரிடம் உட்பரப்பில் பாதிகூடச் சுரண்டப்பட்டிருக்கவில்லை.

சிக்கல்கள்

இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஆபத்து கருப்பை துளைபடுவது. மாதவிடாய் நின்றவர்களுக்கும் அண்மையில் பிரசவித்தவர்களுக்கும் இது நேரும் வாய்ப்பு கூடுதல். முதலில் அளவுகோலால் கருப்பையின் நீளத்தை அளப்பர். அந்த நீளத்தைத் தாண்டிக் கருவி தடையின்றி உள்ளே போனால் துளைபட்டது என்று கொண்டு உடனே நிறுத்த வேண்டும். மொட்டையான கோலால் நேர்ந்திருந்தால் கண்காணிப்பு பெரும்பாலும் போதும். கியூரெட், உறிஞ்சுகுழாய், மின்கத்தி எனில் குடல் காயப்பட்டிருக்கிறதா என்று லேப்பராஸ்கோப்பியில் பார்க்க வேண்டும்.

விரிப்புத் திரவம் இரத்தத்தில் கலப்பது அறுவை ஹிஸ்டிரோஸ்கோப்பிக்கே உரிய ஆபத்து. உள்ளே 3,200 மில்லிலிட்டர் சென்று 2,100 மட்டுமே திரும்பினால், 1,100 உடலில் தங்கியிருக்கிறது. கிளைசின் கரைசலுக்கு ஆரோக்கியமானவருக்கும் உச்சவரம்பு 1,000 மில்லிலிட்டர்தான்; மீறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கலாம். அறுவையை நிறுத்தியாக வேண்டும். சலைனுக்கு வரம்பு 2,500. அதில் சோடியம் குறையாது என்றாலும் நுரையீரலில் நீர் கோக்கலாம். முதியோருக்கும் இதயநோயாளிகளுக்கும் வரம்பு இன்னும் குறைவு.

பிரசவத்துக்கோ கருச்சிதைவுக்கோ பின் ஆழமாகச் சுரண்டினால், படலத்தை மீண்டும் வளர்க்கும் அடியடுக்கு அழிந்து சுவர்கள் ஒட்டிக்கொள்ளலாம். 1948-இல் இதை விரிவாக விளக்கிய ஜோசப் ஆஷர்மனின் பெயராலேயே இந்நோய் அழைக்கப்படுகிறது. மாதவிடாய் குறையும் அல்லது நின்றுபோகும். கரு தரிப்பது கடினமாகும்.

சில நாள்கள் இலேசான உதிரக்கசிவு இயல்பு. காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளை, நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, மிகுந்த உதிரப்போக்கு இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். திசுச்சோதனை முடிவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இயல்பு என்று வந்தும் உதிரம் தொடர்ந்தால், கருப்பைக்குள் கண்ணால் பார்த்தாக வேண்டும்.