சாட்சியாக ஒரு மடல்: வீடு தேடிச் செல்லும் செவிலியரின் துயரும் குடும்பத்துக்கு அவர் எழுதுவதும்

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுப்பதோடு, படுத்த படுக்கையாகிவிட்டவர்களைச் செவிலியர் வீடு தேடிச் சென்று பராமரிப்பதும் அதில் அடங்கும். பெரம்பலூர், அரியலூர் போன்ற கிராமங்கள் மிகுந்த மாவட்டங்களில் இதனால் ஒரு புதிய உறவு உருவாகியிருக்கிறது. மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், ஒரே திண்ணையைக் கடந்து ஒரே கட்டிலருகே போய் உட்காரும் செவிலியர், அந்த நோயாளி இறந்ததும் என்ன செய்வது? அவருடைய துயர் ஒன்று, அவர் குடும்பத்துக்கு எழுதும் மடல் ஒன்று. இவ்விரண்டையும் பிரித்து வைத்தால்தான் இரண்டும் உருப்படும் என்பதே இக்கட்டுரையின் வாதம். மடல் செவிலியரின் துயரை இறக்கிவைக்கும் இடமல்ல. அவர் கண்ணால் கண்டதற்குச் சாட்சி சொல்லும் இடம்.

1. முறை இல்லாத துயர்

நம் ஊர் இழவு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. பிறந்த வீட்டார் கோடி எடுத்து வருவார்கள். பங்காளிகள் காரியத்தை ஏற்பார்கள். பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். யார் எங்கே நிற்பது, யார் எவ்வளவு அழுவது என்பதைக்கூட உறவுமுறைதான் தீர்மானிக்கிறது. 'நர்ஸம்மா'வுக்கு அதில் முறை இல்லை. அவர் உரக்க அழுதால் ஊர் வியந்து பார்க்கும். அழாமல் நின்றால் 'அவங்க வேலை அது' என்று கடந்துபோகும். சமூகம் ஏற்றுக்கொள்ளாத இத்தகைய துயரைத்தான் அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் வெளியிட்ட நூலில், உரிமை மறுக்கப்பட்ட துயர் என்று வகைப்படுத்தினார்.

அது செவிலியரிடம் கண்ணீராக வெளிப்பட வேண்டியதில்லை. அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவார். அல்லது காரணமில்லாமல் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். கடைசியாகப் போன நாளைத் திரும்பத் திரும்ப மனத்தில் ஓட்டிப் பார்ப்பார்: 'அன்னைக்கே உடம்பு சுட்டுதே, ஏன் விட்டேன்?' இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பலர் குடும்பத்துக்கு எழுத உட்காருகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

2. இரங்கல் மட்டும் போதாது

இரங்கல் கடிதம் எப்போதும் நன்மையே செய்யும் என்பது நம்பிக்கை. பிரான்சில் நான்சி கென்டிஷ்-பார்ன்சும் குழுவினரும் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். 242 உறவினர்களில் ஒரு பாதிக்கு மருத்துவரும் செவிலியரும் கையால் எழுதிய கடிதம் போனது, மறுபாதிக்குப் போகவில்லை. ஒரு மாதம் கழித்து இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கடிதம் பெற்றவர்களிடம்தான் மனச்சோர்வும் அதிர்ச்சியின் பின்விளைவுகளும் கூடுதலாக இருந்தன.

சில நாட்களே பழகிய பிரெஞ்சு மருத்துவமனையும் ஆண்டுக்கணக்கில் பழகிய பெரம்பலூர் மாவட்ட வேப்பந்தட்டை வீடும் ஒன்றல்ல. ஆயினும் அந்த ஆய்விலிருந்து நமக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது. குடும்பத்தின் மனத்தில் அரித்துக்கொண்டிருக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாத கடிதம், ஆறத் தொடங்கிய இடத்தைக் கிளறிவிட்டுப் போய்விடக்கூடும். எனவே எழுதும் முன் கேட்க வேண்டியது, 'என் வருத்தத்தை எப்படிச் சொல்வது?' என்பதல்ல, 'இந்த வீட்டில் யார் எந்தக் கேள்வியோடு தூங்காமல் கிடக்கிறார்கள்?' என்பது.

3. ஒரு நேர்வு

விளக்கத்துக்காக அமைத்த நேர்வு இது. வேப்பந்தட்டை ஒன்றியத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் ஓர் ஊர். பக்கவாதத்தில் விழுந்து மூன்று ஆண்டு படுக்கையில் இருந்த மூதாட்டி. மகன் வெளிநாட்டில், பார்த்துக்கொண்டவர் மருமகள். இடுப்பின் பின்புறம் வந்த படுக்கைப் புண்ணை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தே ஆற்றியவர் அவர். கடைசி வாரத்தில் மூதாட்டிக்கு விழுங்க முடியவில்லை. புகட்டினால் மூச்சுக்குழாயில் இறங்கும் என்பதால், வாயை மட்டும் நனைத்துக்கொண்டிருக்கச் செவிலியர் சொன்னார். மருமகள் அப்படியே செய்தார். கருமாதிக்கு வந்த உறவில் ஒருத்தி சொன்னாள்: "கடைசியில கஞ்சித் தண்ணிகூட ஊத்தாம விட்டுட்டாளே."

இந்தப் பழிக்குப் பதில் சொல்லும் தகுதி உலகத்தில் செவிலியர் ஒருவருக்குத்தான் உண்டு. மருமகள் சொன்னால் சமாதானம் சொல்வதாக ஆகும். மகன் ஊரில் இல்லை. மடலின் வேலை இதுவே. அது இப்படி இருக்கலாம்:

"அம்மாவை மூன்று வருஷமாகப் பார்த்து வந்தேன். இடுப்புப் புண் முழுசாக ஆறியது அக்கா ராத்திரியும் பகலும் புரட்டிப் படுக்கவைத்ததால்தான். கடைசி வாரம் அம்மாவுக்கு விழுங்கும் சக்தி போய்விட்டது. அப்போது கஞ்சியோ தண்ணீரோ ஊற்றினால் நெஞ்சுக்குள் இறங்கி மூச்சுத் திணறும். அதனால் ஊற்ற வேண்டாம், வாயை நனைத்துக்கொண்டே இருங்கள் என்று சொன்னது நான். அக்கா அதைத் தவறாமல் செய்தார்கள். நான் போகும்போதெல்லாம் அம்மா 'சாப்பிட்டியா' என்று கேட்டுவிட்டுத்தான் கையைக் கொடுப்பார்கள். அது எனக்கு மறக்காது."

கடைசி இரண்டு வரிகளில் மட்டுமே செவிலியரின் துயர் இருக்கிறது. அதுவும் இறந்தவரைப் பற்றிய ஒரு நினைவாக, குடும்பம் திருப்பி ஆறுதல் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல் இருக்கிறது. 'சொன்னது நான்' என்ற வரி மடலின் முதுகெலும்பு. முடிவின் பொறுப்பை மருமகளின் தோளிலிருந்து எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொள்கிறது அது.

4. காலம், கை, எல்லை

கருமாதிப் பத்திரிகையைப் படித்ததும் கிழித்துவிடுகிற வழக்கமுள்ள ஊர்களில், இழவுச் சேதி எழுதிய தாளை வீட்டில் வைக்கத் தயங்குவார்கள். எனவே தபாலில் அனுப்புவதைவிட, காரியம் முடிந்த பின் நேரில் போய்க் கொடுப்பதே நல்லது. இரவல் கொடுத்த காற்றுப் படுக்கையைத் திரும்ப வாங்கப் போகும் நாள் அதற்கு இயல்பான வாய்ப்பு. எழுத்து தெரியாதவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டலாம். குறை சொன்ன உறவும் உடனிருந்து கேட்டால் சாட்சிக்குப் பலன் கூடும்.

ஆனால் சாட்சியை ஆயுதமாக்கவும் முடியும். யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்று ஒப்பிட்டு எழுதிய மடல், நாளை சொத்துத் தகராறில் ஆவணமாக நீட்டப்படும். ஆகவே செய்தவரின் செயலை மட்டும் எழுத வேண்டும்; செய்யாதவரைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. மரண காரணத்தை மருத்துவச் சான்றுபோல எழுதக் கூடாது. குடும்பத்தில் எல்லோரும் அறியாத நோய்விவரம் இடம்பெறக் கூடாது. சிகிச்சையில் உண்மையிலேயே பிழை நேர்ந்திருந்தால், ஆறுதல் மடலால் அதை மூடுவது பொய்ச்சாட்சி. அதை மருத்துவ அலுவலர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

5. செவிலியரின் துயர் எங்கே போகும்?

மடலிலிருந்து வெளியேற்றிய துயருக்கு வேறோர் இடம் கொடுக்காவிட்டால் மேலே சொன்னதெல்லாம் செவிலியர் மீது ஏற்றிய இன்னொரு சுமையாகிவிடும். பதிவேட்டில் 'இறப்பு' என்று எழுதி வரிசையை முடித்த மறுநாளே அந்த நேரத்துக்கு வேறொரு வீடு வந்துவிடுகிறது. ஒன்றிய அளவில் மாதந்தோறும் கணக்குப் பார்க்கக் கூடும்போது, அந்த மாதம் இறந்த ஒவ்வொருவரைப் பற்றியும் அவரைப் பார்த்த செவிலியர் சக ஊழியர்களிடம் சில நிமிடம் பேச இடம் வேண்டும். 'அன்னைக்கே ஏன் விட்டேன்?' என்ற கேள்வி அங்கே வரட்டும். அந்தக் காய்ச்சலை அன்று கண்டிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பதை நோயின் போக்கை அறிந்த சக செவிலியரால்தான் எடைபோட முடியும். மாறியிருக்காது என்று குடும்பத்திடம் கேட்டு வாங்குவது குடும்பத்தைச் சுரண்டுவது. சகாக்களிடம் கேட்பது தொழில்.

இந்தக் கூட்டம் முடிந்த பிறகே மடல் எழுதப்பட வேண்டும் என்பது என் பரிந்துரை. தன் கேள்விக்குப் பதில் பெற்றவரால்தான் இன்னொரு வீட்டின் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்க முடியும். குடும்பத்தின் மன்னிப்பை எதிர்பாராமல், கண்டதைக் கண்டபடி எழுத முடியும்.