குடல்வால் அழற்சி: ஸ்கேனில் தெரிவதும் தெரியாததும்

குடல்வால் என்பது பெருங்குடலின் தொடக்கப் பகுதியான சீக்கத்திலிருந்து புழுவைப் போல் தொங்கும் குழல். பெரும்பாலோருக்கு அது சில அங்குல நீளமே இருக்கும். ஒரு முனை சீக்கத்துக்குள் திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். இறுகிய மலத்துணுக்கோ வீங்கிய நிணத்திசுவோ உள்வழியை அடைத்தால், சுரக்கும் நீர் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும். குழல் உப்பும், கிருமிகள் பெருகும், சுவரின் இரத்த ஓட்டம் குன்றும். இதுவே குடல்வால் அழற்சி. பேச்சுவழக்கில் ‘அப்பெண்டிக்ஸ்’ என்றால் பெரும்பாலும் இந்த நோயைத்தான் குறிக்கிறார்கள்.

வலி பெரும்பாலும் வலப்பக்கத்தில் தொடங்குவதில்லை என்பது பலரை ஏமாற்றிவிடுகிறது. குடல்வாலின் உள்வலியைச் சுமக்கும் நரம்புகள் தொப்புள் பகுதிக்கான தண்டுவட மட்டத்தில் சேர்வதால், முதல் சில மணி நேரம் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும். பசி போய்விடும், குமட்டும். அழற்சி வயிற்றின் உட்புறச் சவ்வைத் தொட்டபின் வலி கீழே வலப்பக்கம் இறங்கி ஓரிடத்தில் நிலைக்கும். அந்த இடத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889-இல் விவரித்தார். இடுப்பெலும்பின் வலப்பக்க முன்முனையிலிருந்து தொப்புளுக்குக் கோடு இழுத்தால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அது அமையும். ஆனால் சிறுநீர்க்குழாய்க் கல், சூலகம் முறுக்கிக்கொள்வது, கருக்குழாயில் கரு தங்குவது, குடல்காசம் ஆகியவையும் அதே பக்கத்தில் வலிக்கும். கைகளால் மட்டும் முடிவு செய்ய முடியாத இந்த இடத்தில்தான் ஸ்கேன் உதவுகிறது.

அல்ட்ராசவுண்டுக்கு வயிற்றில் உள்ள வாயு பெரிய தடை. நெதர்லாந்தைச் சேர்ந்த கதிரியல் மருத்துவர் ஜூலியன் பைலார்ட் 1986-இல் வெளியிட்ட முறை அதற்கு எளிய வழி காட்டியது: ஸ்கேன் முனையை வைத்து மெல்ல மெல்ல அழுத்துவது. இயல்பான குடல் தட்டையாகும், வாயு விலகும். வீங்கிய குடல்வாலோ தட்டையாகாது. முதலில் நோயாளியிடம் ஒரு விரலால் வலியின் உச்ச இடத்தைக் காட்டச் சொல்வது நல்ல பழக்கம். பிறகு பெருங்குடலின் வலப்பக்கத்தைத் தொடர்ந்து கீழிறங்கி, சீக்கத்துக்குக் கீழே அசைவற்ற, முனை மூடிய குழலைத் தேடுவார்கள். வெளிவிட்டம் 6 மி.மீ.க்கு மேல் இருந்து, அழுத்தத்துக்கு இணங்காமல், சுற்றியுள்ள கொழுப்பு வெண்மையாகத் தடித்திருந்தால் ஐயம் வலுப்படும். குறுக்குவெட்டில் வட்டத்துக்குள் வட்டமாகத் தோன்றும். உள்ளே கல் இருந்தால் அதன் பின்னே கருநிழல் விழும்.

ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரியை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும்: ‘குடல்வால் தென்படவில்லை.’ இதற்குக் குடல்வால் நலமாக உள்ளது என்று பொருள் இல்லை. குடல்வால் முழுவதையும் பார்த்து, அது இயல்பாக இருப்பதாக எழுதினால்தான் நோயை விலக்க முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு. உடல் பருத்த 34 வயது ஆண். முதல் நாள் மாலை தொப்புளைச் சுற்றி வலி, இரவில் ஒருமுறை வாந்தி, காலையில் வலப்பக்க விலாவுக்குக் கீழும் இடுப்பிலும் வலி. வெள்ளணுக்கள் 15,000. அல்ட்ராசவுண்டில் சிறுநீரகத்தில் வீக்கமில்லை, கல் இல்லை, குடல்வால் தென்படவில்லை. வலி தொடர்ந்ததால், இரத்தக்குழாயில் அயோடின் மருந்து செலுத்திச் சி.டி. எடுக்கப்படுகிறது. சீக்கத்துக்குப் பின்னால் மேல்நோக்கி மடிந்து கிடக்கிறது 11 மி.மீ. குழல், சுவர் தடித்து ஒளிர்கிறது, கறுப்பாகத் தெரிய வேண்டிய கொழுப்பில் சாம்பல் இழைகள், வேரருகே வெண்ணிறக் கல். சீக்கத்துக்குள்ளிருந்த வாயுவும் தடித்த கொழுப்பும் ஒலியலையை மறைத்திருந்தன. சி.டி.யின் எக்ஸ்கதிருக்கு அவை தடையில்லை.

சி.டி.யிலும் விட்டம் மட்டும் தீர்ப்பாகாது. நலமான பலருக்கும் குடல்வால் 6 மி.மீ.க்கு மேல் இருக்கும். அதனால்தான் சுவரையும் சுற்றுக் கொழுப்பையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மாறாக, வெடித்துவிட்ட குடல்வால் காற்றிறங்கிய பலூனைப் போல் சுருங்கி, அல்ட்ராசவுண்டில் அழுத்தத்துக்கு இணங்கவும் செய்யலாம். அப்போது வலி திடீரென்று குறைந்ததுபோல் தோன்றும். பிறகு வயிறு முழுவதும் விறைத்து வலிக்கும். சுவரில் தெரியும் முறிவு, சீழ்த்தேக்கம், குழலுக்கு வெளியே சிதறிக் கிடக்கும் வாயுக் குமிழ்கள் ஆகியவை இதைக் காட்டிக்கொடுக்கும்.

சி.டி.யில் கதிர்வீச்சு உண்டு என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அல்ட்ராசவுண்டே முதலில் செய்யப்படுகிறது. அதில் தெளிவு கிடைக்காத கர்ப்பிணிக்கு, வசதி இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் வளரும் கருப்பை குடல்வாலை மேலே தள்ளக்கூடும் என்பதால், தேடலை வலக் கீழ்வயிற்றோடு நிறுத்தாமல் மேலே விலா வரை கொண்டுபோக வேண்டியிருக்கும்.