விடிந்தால் புதன்கிழமை: ஒரு புதுமனை அழைப்பிதழின் வரிகள்

நம் ஊர்ப்பக்கம் கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்தால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். ஹரித்ரா நதிக்கரையில் இருக்கும் மன்னார்குடிக்காரர்களுக்கு மஞ்சளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சளுக்கு நடுவே இருக்கும் வரிகள் ஏன் அந்த வரிசையில், அந்த அளவில் நிற்கின்றன என்பதுதான் இன்றைய விஷயம்.

பழைய தமிழ்ப் பத்திரிகை உண்மையில் ஒரு கடிதம். மேலே பிள்ளையார் சுழி, பிறகு இடதுபக்கம் ‘அன்புடையீர்’, அதன் கீழே ஒரே நீள வாக்கியம், கடைசியில் வலதுபக்கம் ‘இங்ஙனம்’ என்று போட்டு அழைப்பவர் பெயர். ஆங்கிலக் கார்டு அப்படியில்லை. அழைப்பவர் பெயர்தான் அதில் முதல் வரி. ‘இன்னார் தம்பதியர் தங்கள் வருகையின் மகிழ்ச்சியை வேண்டுகிறார்கள்’ என்று மூன்றாம் மனிதர் பேசுவதுபோல் இருக்கும். ஒவ்வொரு வரியும் அட்டையின் நடுவில் தனித்தனியாக நிற்கும். இரண்டு பாஷையிலும் பத்திரிகை அடிக்கும் வழக்கம் வந்தபோது, தமிழ்க் கடிதம் ஆங்கிலக் கார்டின் நடுவரிசைச் சட்டையைப் போட்டுக்கொண்டது. ‘அன்புடையீர்’ மட்டும் இன்றும் பல பத்திரிகைகளில் இடது ஓரத்தைவிட்டு நகரவில்லை. அது கடிதக் காலத்தின் மிச்சம்.

ஈய எழுத்து நாளில் நடுவில் நிறுத்துவது கணக்கு வேலை. கம்பாசிட்டர் கையில் ஸ்டிக் என்ற இரும்புத் தட்டு இருக்கும். அதன் அகலத்தை முதலில் பூட்டிவிடுவார். 5 அங்குல அட்டைக்கு வரியின் அகலம் 4 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 72 பாயிண்ட் என்பதால் மொத்தம் 288 பாயிண்ட். தலைப்புக்கு 24 பாயிண்ட் எழுத்து எடுத்தால், அதே அளவுள்ள சதுர வெற்றுக்கட்டை, அதாவது குவாட், வரிக்குப் பன்னிரண்டு பிடிக்கும். ‘புதுமனை புகுவிழா’ ஏழு குவாட் அகலத்தை எடுத்துக்கொண்டால் மீதி ஐந்து. இடப்பக்கம் இரண்டரை, வலப்பக்கம் இரண்டரை. ஒவ்வொரு வரிக்கும் இப்படிப் பங்கு போட வேண்டும். ஒரு பக்கம் அரைக்கட்டை கூடினாலும் வரி சாய்ந்துவிடும். ப்ரூஃப் காகிதத்தை நெடுக்குவாட்டில் பாதியாக மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் போதும். வரியின் இரு முனையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சரி, ஒன்று எட்டிப் பார்த்தால் தப்பு.

1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935 முதலே தம் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட வடிவங்கள் அவை. அதுவரை ‘னை’ என்பது தலையில் துதிக்கை சுருண்ட ஒரே அச்செழுத்து. ‘னா’வும் கால் ஒட்டிய ஒரே எழுத்து. ஆணைக்குப் பிறகு அவை இரண்டிரண்டு துண்டுகளாயின. புதுமனையில் ‘னை’ இருக்கிறது, மன்னார்குடியில் ‘னா’ இருக்கிறது. ஆக, நம் ஊர்ப் பத்திரிகையின் தலைப்பு, ஊர்ப்பெயர் இரண்டுமே மாறின. பழைய பத்திரிகை ஒன்று பெட்டியில் கிடைத்து, தேதி கிழிந்திருந்தால் இந்த இரண்டு எழுத்தைப் பாருங்கள். புது வடிவம் இருந்தால் பெரும்பாலும் 78-க்குப் பிந்தியது. பழைய வடிவத்தை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. கையிருப்பு எழுத்தை யாரும் உடனே தூக்கிப் போடவில்லை.

முகவரி வரியும் காலம் காட்டும். 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 1997 முதல் திருவாரூர். வீடு நகராமலே மூன்று மாவட்டம்.

இனி எந்த வரி பெரிது என்ற கேள்வி. ஆங்கிலத்தில் அளவை மாற்றாமலே, பெரிய எழுத்தில் அடித்து ஒரு வரியைத் தூக்கிக் காட்டலாம். தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அளவும் தடிப்பும் சுற்றிலும் விடும் வெற்றிடமும்தான் நமக்குள்ள கருவிகள். அதிலும் மேலே புள்ளியும் விசிறியும், கீழே ‘மு’, ‘ழு’வின் வளைவும் இருப்பதால், ஆங்கில வரிகளுக்கு விடும் இடைவெளி நமக்குப் போதாது. கம்பாசிட்டர்கள் வரிக்கு வரி மெல்லிய ஈயத்தகடு செருகியது அதற்காகத்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். புதன்கிழமை அதிகாலை 4.30-லிருந்து 6 மணிக்குள் முகூர்த்தம். பஞ்சாங்கத்துக்கு நாள் பிறப்பது சூரிய உதயத்தில், ஆங்கிலத் தேதிக்கு நள்ளிரவில். அதனால் பெரியவர்கள் ‘செவ்வாய் இரவு விடிந்தால் புதன்கிழமை’ என்று எழுதினார்கள். இதை அகலம் போதவில்லை என்று ‘செவ்வாய் இரவு’ ஒரு வரி, ‘விடிந்தால் புதன்கிழமை’ அடுத்த வரி என்று உடைத்து, முதல் வரியைத் தடிப்பாக்கினால் என்ன ஆகும்? வெளியூர் உறவினர் செவ்வாய் சாயங்காலமே வந்து நிற்பார். கீழ்வரியை மட்டும் பார்த்தவர் புதன் இரவு வருவார். இருவருக்கும் பால் காய்ச்சுவது கிடைக்காது.

சரியான அடுக்கு இப்படி இருக்க வேண்டும்:

புதுமனை புகுவிழா
செவ்வாய் இரவு விடிந்தால் புதன்கிழமை
அதிகாலை 4.30 மணி முதல் 6 மணிக்குள்
மன்னார்குடியில்
நாங்கள் கட்டியிருக்கும் புது இல்லத்தில்

தலைப்பு 24 பாயிண்ட். கிழமையும் நேரமும் 14, இரண்டும் ஒரே தடிப்பில், நடுவில் இடம் விடாமல். மற்றவை 12. மூன்று அளவுக்கு மேல் போனால் எது முக்கியம் என்று தெரியாமல் போகும். கிழமை வரி நீண்டுவிட்டால் உடைக்காமல் எழுத்தைத்தான் குறைக்க வேண்டும். ‘மன்னார்குடி’யை ஒரு வரியிலும் ‘யில்’ என்பதை அடுத்த வரியிலும் விடக்கூடாது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியிருப்பதால் வரி முழுச்சொல்லில்தான் முடிய வேண்டும்.

எதிர்ப்பக்கத்து ஆங்கிலத்தை இதற்கு வரிக்கு வரி நேராக நிறுத்த முயன்றால் தோற்றுவிடும். அங்கே அழைப்பவர் பெயர் மேலே, நம்மில் கீழே. நம் வாக்கியம் வினையில் முடிகிறது, அவர்களுடையது முன்பே வேண்டிவிடுகிறது. ஆகவே வரிசையை விட்டுவிட்டு அளவை மட்டும் ஒத்துவைத்தால் போதும். அங்கும் ‘ஹவுஸ் வார்மிங்’ பெரிது, கிழமையும் நேரமும் அடுத்தது. ஆங்கிலத்தில் ‘வெட்னஸ்டே, 4.30 ஏ.எம்.’ என்று வந்துவிடுவதால் தமிழ்ப்பக்கத்துக்கு அதுவே காவல். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ப்ரூஃபில் கையெழுத்துப் போட வேண்டும்.

தொண்ணூறுகளில் ட்ரெடில் மிஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. இப்போது ஒரு பட்டனைத் தட்டினால் வரி நடுவுக்கு வந்துவிடும். ஆனாலும் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி தங்கினால், சில நேரம் அதையும் எழுத்தாக எண்ணி வரி லேசாக இடப்பக்கம் சாயும். காகிதத்தை மடித்துப் பார்க்கும் பழைய சோதனை இதையும் காட்டிக்கொடுக்கும். வரியை எங்கே உடைப்பது என்பதை மட்டும் எந்தப் பட்டனும் சொல்லாது. வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பும் பிள்ளைகளிடம் அந்த ஒரு வரியையாவது படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.