வெளியீட்டு வரிசையும் கதைக்கால வரிசையும்: ‘கம்பெரலிய’ முப்படத் தொடரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரே கதையுலகில் நிகழும் பல படங்களைத் தொடராகப் பார்க்க முற்படுபவர் முன் இரண்டு வரிசைகள் உள்ளன. படங்கள் எந்த ஆண்டுகளில் திரைக்கு வந்தனவோ அதன்படி பார்ப்பது வெளியீட்டு வரிசை. கதைக்குள் எது முன்னால் நடந்ததோ அதை முன்னால் பார்ப்பது கதைக்கால வரிசை. முதற்படத்தின் கதை முடிந்த இடத்திலிருந்து அடுத்தடுத்த படங்கள் தொடருமாயின் இரண்டும் ஒன்றேயாகும். பின்னர் எடுக்கப்பட்ட படம் முன்னர் நடந்ததைச் சொல்லும்போது, அதாவது அது முன்கதைப் படமாக அமையும்போது, அவை பிரிகின்றன.

இந்தத் தெரிவு பார்வையாளர் கைக்கு வந்தது அண்மைக் காலத்திலேயே ஆகும். திரையரங்கு மட்டுமே இருந்த நாட்களில் வெலிமடையிலோ பண்டாரவளையிலோ பதுளையிலோ படம் பார்த்தவர், படச்சுருள் தம் ஊருக்கு வந்துசேர்ந்த வரிசையிலேயே பார்த்தார். வீடியோ கெசட்டும், 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினி போன்ற தொலைக்காட்சிச் சேவைகளும், பின்னர் இறுவட்டும் தோட்டத்து வீடுகள் வரை வந்த பிறகே ஒரு தொடரின் படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பதும் எதை முதலில் பார்ப்பது என்று யோசிப்பதும் இயல்வதாயின. கதைக்கால வரிசைக்கான புகழ்பெற்ற முயற்சி ஒன்றும் தொலைக்காட்சியை முன்னிட்டே பிறந்தது. பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் ‘தி காட்ஃபாதர்’ படத்தின் இரண்டாம் பாகம் (1974) தந்தையின் இளமையையும் மகனின் ஆட்சியையும் மாறிமாறிக் காட்டுவது. 1977 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக இரு பாகங்களும் வெட்டி ஒட்டப்பட்டு, தந்தையின் சிறுவயதிலிருந்து நேர்கோட்டுக் கதையாக நான்கு இரவுகள் ஒளிபரப்பாயின. நிகழ்ச்சிகள் விளங்கத்தான் செய்தன. ஆயினும் தந்தை கட்டியெழுப்புவதையும் மகன் இழப்பதையும் அருகருகே வைத்ததால் பிறந்த பொருள், அந்தக் காட்சிகள் பிரிக்கப்பட்டதும் வலுவிழந்தது.

இலங்கையில் இவ்வினாவை ஆராய்வதற்கு மார்ட்டின் விக்கிரமசிங்கவின் சிங்கள நாவல் முத்தொகுதியையும், அதனை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக்கிய முறையையும் விடச் சிறந்த சான்று இல்லை எனலாம். முதல் நாவலான ‘கம்பெரலிய’ 1944இல் வெளிவந்தது, எம்.எம். உவைஸின் ‘கிராமப் பிறழ்வு’ என்னும் மொழிபெயர்ப்பின் வழியே தமிழ் வாசகர் அதனை அறிவர். தென்னிலங்கைக் கிராமத்துப் பெருங்குடும்பம் ஒன்றின் சரிவையும், அக்குடும்பத்து மகள் நந்தாவுக்கும் தகுதியில் தாழ்ந்தவனென முதலில் விலக்கப்பட்டுப் பின்னர் வணிகத்தால் உயரும் பியலுக்கும் இடையிலான உறவையும் அது சொல்கிறது. அடுத்து 1949இல் வெளிவந்த ‘யுகாந்தய’ அவர்களின் கதையைத் தொடரவில்லை. ஒரு தலைமுறையைத் தாண்டிச் சென்று, கொழும்பு முதலாளி ஒருவருக்கும் தொழிலாளர் இயக்கத்தில் சேரும் அவரது மகனுக்கும் இடையிலான மோதலைக் காட்டியது. நடுவில் விடப்பட்ட காலத்தை, அதாவது நந்தாவும் பியலும் நகரத்துச் செல்வராகி வாழ்ந்து தம் பிள்ளைகளிடமிருந்து அந்நியப்படும் காலத்தை, 1957இல் வந்த ‘கலியுகய’ நிரப்பியது. கதைக்காலத்தில் இரண்டாவதான நூல் வெளியீட்டில் மூன்றாவதாயிற்று.

இதன் விளைவைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். 1957இல் ‘கலியுகய’வைக் கையிலெடுத்த வாசகர், அந்த வர்க்கம் எங்கே போய் நிற்கப் போகிறது என்பதை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார். ஆகவே அந்நூலில் அவர் தேடியது, கிராமத்து வீட்டின் மதிப்பீடுகள் எவ்வழியாகக் கரைந்து முதலாளியின் கொழும்பு மாளிகையாக மாறின என்னும் காரணத்தையே. பீரிஸ் இந்த வரிசையைப் பின்பற்றவில்லை. றெஜி சிறிவர்தனவின் திரைக்கதையில் 1963இல் ‘கம்பெரலிய’வை எடுத்த அவர், 1980களின் தொடக்கத்தில் ‘கலியுகய’வையும் 1983இல் ‘யுகாந்தய’வையும் கதைக்கால ஒழுங்கிலேயே படமாக்கினார். இதனால் நாவல் வாசகருக்குப் பழைய கேள்விக்கான விடையாக வந்த நடுப்பகுதி, திரைப்பார்வையாளருக்கு இயல்பான தொடர்ச்சியாக வந்தது. முடிவு முன்கூட்டியே தெரியாததால், பிள்ளைகளை இழக்கும் பெற்றோரின் துயரம் அங்கே நேரடியாக உறைக்கிறது.

பீரிஸின் தெரிவே திரைக்கு உகந்தது என்பதற்கு வலுவான ஆதாரம் நடிகரின் உடலில் இருக்கிறது. முதற்படத்தில் பியலாகவும் நந்தாவாகவும் நடித்த ஹென்றி ஜயசேனவும் புண்யா ஹீந்தெனியவும் ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழித்து அதே பாத்திரங்களுக்குத் திரும்பினர். நாவலில் கதைமாந்தருக்கு வயதாவதை ஒரு வாக்கியத்தால் சொல்லிவிடலாம். திரையில் அதை முகம் சொல்ல வேண்டும். ‘கம்பெரலிய’வில், மறுக்கப்பட்ட காதலை வெளிக்காட்டாமல் அடங்கி நிற்கும் இளம் நந்தாவைப் பார்த்த கண், மகனின் கடிதம் தன்மேல் சுமத்தும் குற்றச்சாட்டை எதிர்கொள்ளும் முதிய நந்தாவைப் பார்க்கும்போது, ஒப்பனையால் ஆக்க முடியாத காலத்தை அந்த முகத்தில் காண்கிறது. கதையின் காலமும் நடிகரின் காலமும் ஒரே திசையில் ஓடும் இத்தகைய தொடரில் இரு வரிசைகளும் ஒன்றுபடுவதால், தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

இதற்கு நேர்மாறானது அஜித்குமார் நடித்த ‘பில்லா’ (2007), ‘பில்லா 2’ (2012) என்னும் தமிழ்ப்பட இணை. விஷ்ணுவர்தன் இயக்கிய முதற்படத்தில் டேவிட் பில்லா மலேசியாவில் கோலோச்சும் குற்றத் தலைவனாகவே அறிமுகமாகிறான். அவன் இறந்ததும், அவனைப் போலவே தோற்றமுடைய வேலு அவனது இடத்தில் வைக்கப்படுகிறான். சக்ரி டோலெட்டி இயக்கிய இரண்டாவது படம் பின்னோக்கிச் சென்று, இலங்கையிலிருந்து அகதியாகத் தமிழ்நாட்டுக் கரையேறும் இளைஞன் அத்தலைவனாக உருவான கதையைச் சொல்கிறது. இங்கே கதையில் பில்லா இளையவன், நடிகரோ ஐந்து ஆண்டு மூத்தவர். கதைக்கால வரிசையில் பார்ப்பவர், ஒரு முழுப்படத்தின் நீளத்திற்கு அகதி ஒருவனின் எழுச்சியுடன் ஒன்றிய பிறகு, அடுத்த படத்தில் அவன் விரைவிலேயே மறைந்து அந்த வாழ்வோடு தொடர்பற்ற வேறொருவன் நாயகனாவதைக் காண்பார். 2007ஆம் ஆண்டுப் படம் அகதி வாழ்வை அடித்தளமாகக் கொண்டு எழுதப்படவில்லை ஆதலால், முன்கதை எழுப்பும் எதிர்பார்ப்புக்கு அதனிடம் பதில் இல்லை. வெளியீட்டு வரிசையில் பார்ப்பவருக்கோ குறை பெருமளவு நீங்குகிறது; பில்லாவின் முடிவை அறிந்தே அவனது தொடக்கத்தைப் பார்ப்பதால், ‘கலியுகய’ நாவலின் வாசகரைப் போல அவரும் காரணத்தைத் தேடிப் பார்க்கிறார்.

எனவே ஒரு தொடரை எடுத்துக்கொள்பவர் சோதிக்க வேண்டியது, பின்னர் எடுக்கப்பட்ட முன்கதைப் படம் முன்னர் எடுக்கப்பட்டதைப் பார்வையாளர் அறிந்திருக்கிறார் என்று கொண்டு எழுதப்பட்டிருக்கிறதா என்பதையே. ‘ஸ்டார் வார்ஸ்’ தொடரில் 1980ஆம் ஆண்டுப் படம் நாயகனின் தந்தை யார் என்னும் இரகசியத்தை இறுதிவரை காத்து வெளிப்படுத்துகிறது. 1999 முதல் 2005 வரை வந்த மூன்று முன்கதைப் படங்கள் அதை ஒளிக்க முயலவே இல்லை. 1977இல் இலக்கமின்றி வெளிவந்த முதற்படத்தின் தொடக்க எழுத்துகளில் 1981ஆம் ஆண்டு மறுவெளியீட்டின்போது ‘நான்காம் அத்தியாயம்’ என்னும் குறிப்பு சேர்க்கப்பட்டது. அந்த இலக்கத்தை நம்பி ஒன்றாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கும் புதிய பார்வையாளர் இரகசியத்தை முன்பே அறிந்துவிடுகிறார்.

பீரிஸின் தொடரிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. ‘யுகாந்தய’ திரைப்படம் காமினி பொன்சேகாவை முதலாளியாகவும் ரிச்சர்ட் டி சொய்சாவை மகனாகவும் கொண்டு வேறு பாத்திரங்களால் நடத்தப்படுவதால், முதலிரு படங்களைப் பிணைக்கும் முதுமையின் சான்று அதற்கு இல்லை. தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான அதன் மோதல், தொழிலாளர் போராட்டத்தை வாழ்வனுபவமாக அறிந்த ஊவாத் தோட்டத்துப் பார்வையாளருக்கு முன்கதையின் துணையின்றியே விளங்கும். ஆகவே அதைத் தனியாகவோ முதலாவதாகவோ பார்ப்பவர் இழப்பது குறைவு. ‘கலியுகய’வை மட்டும் ‘கம்பெரலிய’வுக்கு முன் பார்க்கலாகாது.