கோழியும் ஏழு குஞ்சும்: ஒரு காணொளித் தாளின் கதை

அந்தத் தாள் முதலில் நான்கு பக்கம் இருந்தது. இப்போது ஒரே பக்கம்தான்.

2020இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது அது பிறந்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஓசூரில் ஒன்றாம் வகுப்புக்கு வந்துசேரும் குழந்தைகளுக்கோ தமிழ் பல வீடுகளில் வீட்டுமொழி அல்ல. தெலுங்கு பேசும் வீடுகளும் கன்னடம் பேசும் வீடுகளும் தலைமுறைகளாக இங்கே இருக்கின்றன. சிப்காட் வேலைக்கு வந்த குடும்பங்களில் இந்தியும் ஒடியாவும் கேட்கும். இந்தப் பிள்ளைகளுக்காக ‘ழ’ பற்றி மூன்று நிமிடக் காணொளி செய்யலாம் என்று உட்கார்ந்தேன்.

எந்தச் சொல்லை வைத்துச் சொல்லித்தருவது? எங்கள் ஊரே விடை தந்தது. தமிழில் கோழி, கன்னடத்தில் ‘கோளி’, தெலுங்கில் ‘கோடி’. தமிழில் ஏழு, கன்னடத்தில் ‘ஏளு’, தெலுங்கில் ‘ஏடு’. ஒரே சொல்தான், எல்லைக்கு எல்லை ஓர் ஒலி மட்டும் மாறுகிறது. பழைய கன்னடத்தில் ழகரத்துக்குத் தனி எழுத்தே இருந்தது, பிறகு வழக்கொழிந்தது. தொடக்ககாலத் தெலுங்குக் கல்வெட்டுகளிலும் அந்த ஒலி உண்டு. ஆகவே இந்தப் பிள்ளைக்குச் சொல் புதிதல்ல, நடுவில் உள்ள ஓர் ஒலிதான் புதிது. கோழியும் ஏழும் போதும் என்று முடிவு செய்தேன்.

முதல் வடிவத்தில் ஒரு பெரிய தவறு செய்தேன். “கோளி அல்ல, கோழி” என்று குரலுக்கு எழுதியிருந்தேன். பிள்ளைகள் பாட்டைப் போலத் திருப்பிச் சொன்னார்கள்: “கோளி அல்ல, கோளி.” தவறாகச் சொல்லாதே என்று காட்டுவதற்காக ஒலித்ததே காதில் ஒட்டிக்கொண்டது. அதைவிட மோசம், கன்னடம் பேசும் ஒரு பிள்ளை, “எங்க பாட்டி தப்பா சொல்றாங்களா?” என்று கேட்டது. பாட்டி சொல்வது அவர் மொழியில் சரியான சொல். அந்த வரியை அன்றே அடித்தேன். காணொளியில் இப்போது சரியான ஒலி மட்டுமே கேட்கும். “உங்கள் வீட்டில் இதை என்ன சொல்வீர்கள்?” என்ற கேள்வியைக் காணொளி முடிந்தபின் வகுப்பில் நான் கேட்கிறேன்.

இரண்டாம் வடிவம் படத்தால் கெட்டது. வைக்கோல்போர், மரம், பூனை எல்லாம் வரைந்திருந்தோம். எந்த நொடியில் பிள்ளையின் கண் விலகுகிறது என்று அறிய ஒரு பழைய வழி இருக்கிறது. 1969இல் அமெரிக்காவில் ‘செசமி ஸ்ட்ரீட்’ தொடங்கும் முன் எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர் அதைப் பயன்படுத்தினார். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இன்னொரு திரையில் ஏழரை நொடிக்கு ஒரு படம் மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளை எப்போது நிகழ்ச்சியை விட்டு அந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். அந்த இடம் நிகழ்ச்சியின் பலவீனம். நாங்கள் இரண்டு கைபேசிகளை வைத்து இதையே செய்தோம். நாக்கை எப்படி மடிப்பது என்று குரல் விளக்கிய இடத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. பூனை இருந்த காட்சியில் தலை திரும்பவில்லை, ஆனால் கண் பூனைமேல்தான் இருந்தது. “என்ன பார்த்தாய்?” என்று கேட்டால் பூனை என்றே பதில் வந்தது. விளக்கமும் போயிற்று, பூனையும் போயிற்று.

மிஞ்சியது வெள்ளைத் திரையும் ஒரு கோழியும். தாளில் இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி என்று கோடு கிழித்து எழுதினேன். ஒரு விதி வைத்துக்கொண்டோம்: சொல் ஒலிக்கும்போது திரையில் எதுவும் அசையக்கூடாது, அசைந்தால் காது மூடிக்கொள்ளும். தொடக்கம் இப்படி இருக்கிறது:

காட்சி: கோழி நடந்து வந்து நிற்கிறது.
ஒலி: இது கோழி.
காட்சி: கோழி அசையாமல் பார்க்கிறது.
ஒலி: இது… (ஐந்து நொடி மௌனம்) கோழி!
காட்சி: குஞ்சுகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன, ஏழாவதும் வந்து நிற்கிறது.
ஒலி: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு… (ஐந்து நொடி மௌனம்) ஏழு!

இதே வரிசை மூன்று முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்று மாறும். இரண்டாம் முறை கோழி கறுப்பு. மூன்றாம் முறை குரலே இல்லை, படம் மட்டும். எல்லாமே மாறினால் பிள்ளைக்குப் பிடிமானம் இருக்காது; எதுவும் மாறாவிட்டால் பார்க்கக் காரணம் இருக்காது.

நடுவில் நான்கு வரிப் பாட்டு:

கொக்கொக் கொக்கொக் கோழி
கூட ஆடு தோழி
எத்தனை குஞ்சு? ஏழு
எண்ணிச் சொல்லு, ஏழு!

ழகரச் சொல் ஒவ்வொரு வரியின் கடைசியில் நிற்பதற்குக் காரணம் உண்டு. பாட்டு தெரியாத பிள்ளை முழு வரியையும் பாடாது, கடைசிச் சொல்லில் வந்து சேர்ந்துகொள்ளும். அந்தச் சொல்தான் நமக்கு வேண்டியது. முதல் ஒலிப்பதிவில் அங்கேயே மேளத்தை ஓங்கி அடித்துவிட்டோம், ழகரம் மேளத்துக்குள் அமுங்கிவிட்டது. இப்போது அந்த இடத்தில் வெறும் குரல்தான்.

இந்த வடிவத்தை முதல் நாள் வகுப்பில் ஓட்டியபோது ஐந்து நொடி மௌனத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தாள் தோற்றது என்று நினைத்தேன். பிறகுதான் ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்ற அமெரிக்க நிகழ்ச்சி 1996இல் தொடங்கியபோது ஒரே பாகத்தை வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. பார்க்கப் பார்க்கப் பிள்ளைகள் சலிக்கவில்லை, திரையோடு சேர்ந்து பதில் சொல்வது கூடியது என்று அது கண்டது. எங்கள் வகுப்பிலும் திங்கள் முதல் வெள்ளி வரை அதையே ஓட்டினோம். புதன்கிழமை மௌனத்தில் சில குரல்கள் எழுந்தன. வெள்ளிக்கிழமை குஞ்சு வரும் முன்பே “ஏழு” என்று கத்தினார்கள்.

ஆனால் சிலர் கத்தியது “ஏளு”. காணொளிக்குக் காது கிடையாது, அதனால் அதைத் திருத்த முடியாது. ரகரத்தையும் ழகரத்தையும் தொல்காப்பியர் ஒன்றாக வைத்து, நாநுனி மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை என்கிறார். வருடுவது வேறு, ஒட்டுவது வேறு. ளகரத்தில் நாநுனி அண்ணத்தில் ஒட்டிவிடும், காற்று இரு பக்கமாக வெளியேறும். ழகரத்தில் நா மடிந்து நின்றாலும் ஒட்டாது, காற்று நடுவே போகும். பிள்ளையிடம் ஒரு சின்னச் சோதனை செய்கிறேன். அந்த ஒலியைச் சொல்லி, நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு காற்றை உள்ளே இழுக்கச் சொல்வேன். நாக்கின் இரு ஓரமும் சில்லென்றால் அது ளகரம். நடுவில் சில்லென்றால் ழகரம். இதை ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்துத்தான் செய்ய முடியும்.

அதனால் தாளின் அடியில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன், ஓட்டிக்காட்டும் ஆசிரியருக்காக: “ஐந்து நாளும் இதையே ஓட்டுங்கள். மௌனம் வரும் இடத்தில் நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். திரையைப் பார்க்க வேண்டாம், பிள்ளையின் வாயைப் பாருங்கள்.”