விண்ணை நோக்கி எழுந்த கற்கள்

இடைக்காலப் பேராலயங்களின் படங்களைக் காணும்போது, சிமெண்டும் கான்கிரீட்டும் இல்லாத அக்காலத்தில் வெறும் கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு இத்துணை உயரத்தை எவ்வாறு எட்டினர் என்று நாம் வியப்பதுண்டு. அதன் விடையை, வட பிரான்சு நாட்டின் பொவே நகரிலுள்ள புனித இராயப்பர் பேராலயம் நமக்குச் சொல்லும்.

கல் வளைவு கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. தன்னைத் தாங்கும் சுவர்களை வெளிப்புறமாகவும் தள்ளுகிறது. பழைய ஆலயங்களின் வளைவுகள் அரைவட்டமானவை. அவற்றின் தள்ளு விசை மிகுதி. ஆகவே சுவர்களைத் தடிமனாக்கி, சன்னல்களைச் சிறிதாக்கினர். மேலும், 12 மீட்டர் அகல அரைவட்டம் 6 மீட்டரே உயரும். 6 மீட்டர் அகலமுள்ளது 3 மீட்டரே உயரும். அகலம் வேறுபட்டால் வளைவுகளின் உச்சிகள் ஒன்றாய்ச் சேரா.

கூர்வளைவு இவ்விரு இடர்களையும் குறைத்தது. அகலம் எதுவாயினும் வேண்டிய உயரத்திற்கு அதனை எழுப்பலாம். செங்குத்தாக எழுவதால் தள்ளு விசையும் குறைவு. எனினும் அது முற்றிலும் மறைவதில்லை. எஞ்சியதைத் தாங்கவே பறக்கும் முட்டு வளைவுகளை அமைத்தனர். வாழை சாயாதிருக்க நாம் முட்டுக் கொடுப்பதுபோல், பக்கக் கூரைகளுக்கு மேலாகத் தாவிச் செல்லும் இவ்வளைவுகள், உயர்ந்த சுவரின் தள்ளலை வெளியே நிற்கும் பருத்த கல் தூண்களுக்குக் கடத்தி, நிலத்தில் இறக்கின. சுமையினின்று விடுபட்ட சுவர்களில் வண்ணக் கண்ணாடிகள் இடம்பெற்றன.

பொவே மக்கள் 1225-ல் பணி தொடங்கினர். 1272-ல் பீடப்பகுதி நிறைவுற்றது. உட்கூரையின் உயரம் ஏறத்தாழ 48 மீட்டர். அமியேன் பேராலயத்தின் 42 மீட்டரையும் அது விஞ்சியது. ஆனால் 1284-ல் அக்கூரையின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது!

காரணம் பற்றி அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும், பழுதுபார்த்தவர்கள் செய்த திருத்தம் ஒன்றைக் காட்டுகிறது. தூண்களுக்கு இடையே இருந்த அகன்ற இடைவெளிகளில் புதிய தூண்களை நிறுவினர். தூண்கள் நெருக்கமாக நின்ற பீடத்தின் பின்புற வளைந்த பகுதியோ, அன்று விழாமல் தப்பியது. வளைவும் முட்டும் சரியாக இருந்தாலும், தாங்கும் கால்கள் போதாவிடில் உயரம் நில்லாது என்பதை நாம் இதிலிருந்து உணரலாம்.

பின்னர் 1569-ல் சுமார் 150 மீட்டர் உயரக் கோபுரத்தை எழுப்பினர். அதன் கிழக்கே பீடப்பகுதி தாங்கலாக இருந்தது. மேற்கே மக்கள் அமரும் நடுக்கூடம் கட்டப்படவில்லை, அப்புறம் தாங்குவாரில்லை. 1573-ம் ஆண்டு, ஆண்டவரின் விண்ணேற்புத் திருநாளன்று கோபுரம் சரிந்தது. அந்நடுக்கூடம் பின்னர் எழவேயில்லை. ஆயினும் மீண்டும் கட்டிய பீடப்பகுதி, பாதி ஆலயமாக, அதே 48 மீட்டர் உயரத்தில் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.