அணைப் படத்தில் மதகு எது, கலிங்கு எது? துங்கபத்ரா நிகழ்வு காட்டும் வேறுபாடு

கர்நாடக மாநிலம் ஹொசப்பேட்டை அருகே உள்ள துங்கபத்ரா அணையில், 2024 ஆகஸ்ட் 10-ஆம் தேதி இரவு 19-ஆவது மதகின் சங்கிலி அறுந்து, மதகு நீரில் அடித்துச் செல்லப்பட்டது. மறுநாள் வெளியான படங்களில் அணையின் பல கண்கள் வழியாகவும் வெள்ளம் சீறிப் பாய்ந்ததைக் கண்ட பலர், அணையே உடையத் தொடங்கிவிட்டதாக எண்ணினர். உண்மையில் பழுதடைந்தது ஒரே ஒரு மதகுதான். மற்ற மதகுகள், உடைந்த இடத்தில் நீரின் அழுத்தத்தைக் குறைப்பதற்காக அதிகாரிகளால் திறந்துவிடப்பட்டவை. அணையின் உறுப்புகளைப் பிரித்தறியத் தெரிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு படத்திலேயே தெரிந்திருக்கும்.

குழப்பத்திற்கு மொழியும் ஒரு காரணம். தமிழ்ச் செய்திகளில் ‘மதகு’ என்ற ஒரே சொல், அணையின் உச்சியில் உபரிநீரை வெளியேற்றும் பெரிய கதவையும், அடியில் உள்ள சிறிய திறப்பையும், கால்வாய்க்கு நீர் விடும் வாயிலையும் குறிக்கிறது. ஏரிகளைப் பொறுத்தவரை இந்தக் குழப்பம் இல்லை. உபரிநீர் வழிவது கலிங்கு, பாசனத்திற்கு நீர் விடுவது மதகு என்று உழவர்கள் தெளிவாகப் பிரித்தே பேசுவர். பெரிய அணைகளுக்கும் அதே பிரிவினை பொருந்தும்.

துங்கபத்ரா அணையில் அன்று உடைந்தது, ஏரி மொழியில் சொன்னால், கலிங்கின் கதவு. அணையின் நடுப்பகுதியில் உபரிநீர்ப் போக்கி அமைந்துள்ளது. அங்கு வரிசையாகத் தூண்களும், அவற்றுக்கிடையே 33 கண்களும் உள்ளன. ஒவ்வொரு கண்ணிலும் 60 அடி அகலமும் 20 அடி உயரமும் கொண்ட இரும்புக் கதவு பொருத்தப்பட்டுள்ளது. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 1,633 அடி. கதவுகள் நிற்கும் சுவரின் உச்சி 1,613 அடி. அதாவது கதவுகள் தாங்குவது நீர்த்தேக்கத்தின் மேல் 20 அடி நீரை மட்டுமே. அதற்குக் கீழுள்ள நீரைத் தாங்குவது அணையின் சுவர்.

இந்த ஓர் அளவு தெரிந்தால் இழப்பின் எல்லையும் விளங்கும். உச்சிக் கதவு ஒன்று போய்விட்டால் நீர்மட்டம் 1,613 அடிக்குக் குறையும் வரை நீர் வெளியேறும். அதன்பின் தானாகவே நின்றுவிடும். ஆனால் அகலமான நீர்த்தேக்கத்தில் மேல் 20 அடி என்பது மிகப் பெரிய அளவு. சுமார் 105 டிஎம்சி கொள்ளளவு கொண்ட அணையில், பழுதைச் சரிசெய்ய ஏறத்தாழ 60 டிஎம்சி நீரை இழக்க நேரிடும் என்று அப்போது கூறப்பட்டது. உடைந்த கண் வழியாக மட்டும் விநாடிக்கு சுமார் 35,000 கன அடி நீர் வெளியேறியது. ஒரு நாளைக்கு அது ஏறக்குறைய 3 டிஎம்சி. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா உழவர்களின் அந்தப் பருவச் சாகுபடி அந்நீரை நம்பியிருந்தது.

இனி படத்திற்கு வருவோம். உபரிநீர்ப் போக்கியை அடையாளம் காணும் எளிய வழி, நீர் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்ப்பதுதான். அணையின் உச்சியை ஒட்டித் தொடங்கி, சரிவான முகப்பின் மீது விரிந்த வெண்திரையாக இறங்கினால் அது உபரிநீர்ப் போக்கி. இயல்பாகத் திறக்கப்பட்ட கண்ணில், நீர்ப்பாய்ச்சலுக்கு மேலே கதவின் கீழ்விளிம்பு தொங்கிக்கொண்டிருக்கும். நீர் அதன் அடியில் அழுத்தத்துடன் பீறிடும். 19-ஆவது கண்ணில் அத்தகைய கதவு எதுவும் தொங்கவில்லை. இரு தூண்களுக்கிடையே வெறும் இடைவெளியும், நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பிலிருந்தே வளைந்து விழும் தடித்த நீர்ப்படலமுமே இருந்தன. எனினும் எச்சரிக்கை தேவை. கதவை முழுமையாக உயர்த்தினாலும் கண் வெறுமையாகவே தோன்றும். அப்போது மேல்தளத்திற்கு அருகே உயர்த்தப்பட்ட கதவு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் படத்தின் சட்டத்திற்குள் இல்லையெனில் அந்த ஒரு படத்தை வைத்து எதுவும் கூற இயலாது.

துங்கபத்ராவில் 2024-இல் இருந்தவை சங்கிலியாலும் எதிர்எடையாலும் செங்குத்தாக உயர்த்தப்படும் தட்டையான கதவுகள். நாகார்ஜுனசாகர், ஸ்ரீசைலம் அணைகளில் இருப்பவை வில்வடிவக் கதவுகள். கீழ்ப்புறமிருந்து எடுத்த படத்தில், வளைந்த தகட்டிலிருந்து தூண்களை நோக்கி நீளும் இரும்புக் கைகளைக் கொண்டு அவற்றை அறியலாம்.

அடிமதகு இதற்கு நேர்மாறானது. அணையின் உச்சி உலர்ந்திருக்க, முகப்பின் கீழ்ப்பகுதியில் உள்ள சிறிய துளையிலிருந்து நீர் பீரங்கிக் குண்டு போல் தனித்தனித் தாரையாகப் பாய்ந்தால் அது அடிமதகு. மேலேயுள்ள நீரின் முழு அழுத்தமும் அதன்மீது இருப்பதால் திறப்பு சிறிதாயினும் வேகம் மிகுதி. அணை நிரம்பாத காலத்திலும் இதில் நீர் வரும். இக்கதவு பழுதடைந்தால் இழப்பு உச்சி 20 அடியோடு நிற்காது. துளையின் மட்டம் வரை நீர் வடியக்கூடும். நீர் தாரையாக வராமல் அணையடியில் கொப்பளித்து எழுந்து, அருகே கட்டடமும் மின்மாற்றிகளும் தெரிந்தால் அது மின்நிலையத்திலிருந்து வெளியேறும் நீர்.

கால்வாய்த் தலைமதகை ஆற்றின் நடுவில் தேடக்கூடாது. அது எப்போதும் கரையோரத்தில் இருக்கும். சில சிறிய கதவுகள், அவற்றுக்கு அப்பால் இருபுறமும் இணையான சுவர்கள், நுரையடங்கி நேராகச் செல்லும் நீர் ஆகியவை அதன் அடையாளம். துங்கபத்ராவில் இடது கரைக்கும் வலது கரைக்கும் தனித்தனிக் கால்வாய்கள் பிரிகின்றன. ‘அணை திறப்பு’ என்ற தலைப்பின் கீழ் இத்தகைய படம் வந்தால், அது பாசனத்திற்கான திறப்பு. வெள்ள எச்சரிக்கை அன்று.

எஞ்சியிருப்பது அணைக்கட்டு. ஆங்கிலேயப் பொறியாளர்கள் ‘அனிகட்’ என்று எழுதியது இத்தமிழ்ச் சொல்லைத்தான். கதவுகளின்றி ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டிய சுவரின் மீது, நீர் முழு நீளத்திற்கும் மெல்லியதாக வழியும். விஜயவாடாவில் கிருஷ்ணா ஆற்றின் குறுக்கே 1855-இல் கட்டி முடிக்கப்பட்டது அத்தகைய ஒன்று. அது 1952-இல் உடைந்தபின், 70 கதவுகள் கொண்ட பிரகாசம் கதவணை 1957-இல் அவ்விடத்தில் எழுந்தது.

கதவணையின் படமே மிக எளிதில் ஏமாற்றுவது. தூண்களும் கதவுகளும் வரிசையாக இருப்பதால் அணையின் உபரிநீர்ப் போக்கி போலவே தோன்றும். ஆனால் அதன் பின்னால் உயர்ந்த சுவரோ சரிவான முகப்போ இல்லை. கதவுகள் ஏறத்தாழ ஆற்றின் மட்டத்திலேயே நிற்கின்றன. 2024 செப்டம்பரில் கிருஷ்ணாவில் விநாடிக்கு 11 லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தபோது அனைத்துக் கதவுகளும் உயர்த்தப்பட்டன. அத்தகைய வெள்ளத்தில் மேற்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு பெரிதும் மறைந்து, பாலத்தின் அடியில் ஆறு ஓடுவது போன்றே காட்சியளிக்கும். அப்போது அடித்து வரப்பட்ட படகுகள் மோதியதில் சேதமடைந்தவை, கதவுகளை உயர்த்த உதவும் எதிர்எடைகள். மதகே உடைந்துவிட்டதாகச் சிலர் அஞ்சினாலும், கதவணை பின்னால் தேக்கி வைப்பது சுமார் 3 டிஎம்சி மட்டுமே.

துங்கபத்ராவில் நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 19-ஆவது கண்ணின் குறுக்கே இரும்புத் தடுப்புப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் பணி ஆகஸ்ட் 16-ஆம் தேதி மாலை தொடங்கியது. மறுநாள் வெளியேற்றம் கட்டுப்படுத்தப்பட்டது. அன்றைய படங்களில், ஒரு கண்ணில் மட்டும் ஒரே தகடாக இன்றிக் கிடைமட்டப் பட்டைகளாக அடுக்கிய மறைப்பு தென்பட்டால், அதுவே 19-ஆவது கண்.